கடைசி நேரத்தில் வரும் படகு

கேள்வி: என் கதையின் கிளைமாக்ஸில் ஒருவர் திடீரென்று வந்து நாயகியைக் காப்பாற்றுகிறார். படித்தவர்கள் 'நம்பும்படி இல்லை' என்கிறார்கள். தற்செயல் எப்போது மட்டமாகத் தெரிகிறது?

யாரோ உங்கள் கதைக்கு முகம் சுளித்திருக்கிறார்கள். எனக்கும் அது நடந்திருக்கிறது. வெள்ளத்தில் கூரைமேல் தவிக்கும் ஒருவனை, அவனுக்கு வட்டிக்குக் கொடுத்தவர் படகில் வந்து காப்பாற்றுவதாக எழுதியிருந்தேன். ஒரு போட்டி நடுவர் 'வசதியான தற்செயல்' என்று ஒதுக்கிவிட்டார். அந்தப் படகோ முதல் பக்கத்திலேயே வருகிறது! மாதக் கடைசியில் வசூலுக்கு அது வந்தாலே அவன் கதவைச் சாத்திக்கொண்டு ஒளிவான். அங்கே அது வெறும் சிரிப்புக்கான காட்சி. வெள்ளம் வருவதும் மாதக் கடைசியில்தான். உயிர் பிழைத்தவனால் அதன்பின் அவரிடமிருந்து ஒளிய முடியாது.

நான் பார்ப்பது இரண்டே விஷயம். காப்பாற்றும் பொருளோ ஆளோ முன்பே வேறொரு வேலையாகக் கதைக்குள் வந்துவிட்டதா? காப்பாற்றிய பிறகும் பாத்திரம் ஏதாவது விலை கொடுக்கிறதா?

சகுந்தலை கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். மகாபாரதத்தில் துஷ்யந்தன் அவளைச் சபையில் மறுக்கிறான். உடனே அசரீரி ஒலித்து உண்மையைச் சொல்ல, அவன் ஏற்றுக்கொள்கிறான். காளிதாசன் அந்தக் குரலை எடுத்துவிட்டு மோதிரத்தை வைத்தான். மீன் வயிற்றில் மோதிரம் கிடைப்பது அசரீரியைவிடப் பெரிய தற்செயல் இல்லையா? ஆனாலும் உறுத்தாது. முதல் அங்கத்தில் தோழிகளுக்கு அவள் பட்ட, செடிக்கு நீர் ஊற்றும் கடனைத் தீர்க்க என்று அரசன் நீட்டும்போதே அந்த மோதிரத்தைப் பார்த்துவிடுகிறோம். அரசன் அவளை மறந்துபோகும்படி துர்வாசர் இடும் சாபம், அடையாளப் பொருளான அந்த மோதிரத்தைக் கண்டால் தீரும் என்பது நான்காம் அங்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேல், மோதிரம் தாமதமாகத்தான் வருகிறது. மீனவன் கைக்கு அது கிடைத்து அரசனுக்கு நினைவு திரும்பும்போது அவள் அங்கே இல்லை. அந்தத் தற்செயலால் அவனுக்கு நிம்மதி போனதுதான் மிச்சம்.

வியாசரைக் குறை சொல்கிறேன் என்று சண்டைக்கு வராதீர்கள். அங்கே அரசனுக்கு உண்மை முன்பே தெரியும். ஊர் நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் அந்தக் குரல். அந்தக் கதையின் கேள்வியே வேறு.

ஆகவே உங்கள் கதையில் வருகிறவரை நடுவில் ஒரு பக்கத்தில் சும்மா நடமாட விட்டால் மட்டும் போதாது. அங்கே அவருக்குச் சொந்தமாக ஒரு காரியம் இருக்க வேண்டும். ரொம்ப அழுத்தியும் காட்டிவிடாதீர்கள், முடிவு முன்பே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் சலுகை: நாயகியைச் சிக்கலில் மாட்டிவிடும் தற்செயலை வாசகர் கேள்வி கேட்காமல் ஏற்பார். விடுவிக்கும் தற்செயலுக்குத்தான் கணக்குக் கேட்பார்.

போட்டி நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரிசு தராவிட்டால் போகட்டும், முடிவு வந்துவிட்டது என்று ஒரு மின்னஞ்சலாவது போடக்கூடாதா? அந்த நடுவர் சொன்னதே எனக்கு இன்னொருவர் வாயிலாகத்தான் தெரியவந்தது.