ஒரே மெயிலா, தனித்தனி மெயிலா?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பையருக்கு லேப் டிப் என்னும் நிற மாதிரிக்கு ஒப்புதல், ஷிப்மென்ட் தேதி, கேர் லேபிள் சந்தேகம், பழைய இன்வாய்ஸ் பாக்கி எல்லாவற்றையும் ஒரே மெயிலில் எழுதி, டையிங் யூனிட்டையும் சிசியில் போடுகிறேன். ஒன்றுக்குத்தான் பதில் வருகிறது. பிரித்து அனுப்பினால் "எதற்கு இத்தனை மெயில்?" என்கிறார் மேலாளர். எதைப் பிரிப்பது, எதைச் சேர்ப்பது?

பதில்: முதலில் அந்த சிசியை எடுத்துவிடுங்கள். உங்கள் மெயிலில் இன்வாய்ஸ் பாக்கி இருக்கிறது என்றால், பையர் உங்களுக்கு என்ன விலை தருகிறார் என்பதை டையிங்காரர் பார்க்கிறார். அடுத்த முறை அவர் கிலோவுக்கு ரேட் பேசும்போது அது அவருக்கு உதவும். இதன் மறுபக்கமும் உண்டு. டையிங்காரர் 'ரிப்ளை ஆல்' கொடுத்து, "போன பாக்கியைக் கொடுத்தால்தான் துணியைப் போடுவேன்" என்று எழுதினால் அது நேரே பையரிடம் போய்ச் சேரும். ஒருவர் பார்க்கக்கூடாத ஒரு வரி இருந்தாலும் அவருக்குத் தனி மெயில்தான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

மீதி விஷயங்களுக்கு, தலைப்பு வேறா என்று பார்ப்பதைவிட, இதை முடித்துவைக்கப் போவது யார் என்று பாருங்கள். லேப் டிப்பில் A, B, C மூன்றில் எது சரி என்று சொல்வது பையரின் மெர்ச்சண்டைசர். இன்வாய்ஸுக்குப் பணம் போடுவது அவர்களுடைய அக்கவுண்ட்ஸ். உங்கள் மெயிலைப் படித்த மெர்ச்சண்டைசர் தனக்குத் தெரிந்ததற்குப் பதில் போடுகிறார், பணத்தைப் பிறகு விசாரிக்கலாம் என்று விட்டுவிடுகிறார். அவர் கணக்கில் அந்த மெயில் முடிந்துவிட்டது. அதனால் இன்வாய்ஸை அக்கவுண்ட்ஸுக்குத் தனியாக அனுப்புங்கள், மெர்ச்சண்டைசரைச் சிசியில் போடுங்கள். இன்வாய்ஸ் எண், தொகை, கெடு தேதி, இணைப்பாக இன்வாய்ஸ் நகல், அவ்வளவு போதும்.

ஷிப்மென்ட் தேதியையும் இப்படிப் பிரிக்கத்தான் கை போகும். பிரிக்காதீர்கள். நிறம் ஒப்புதலாகாமல் பல்க் டையிங் தொடங்காது. டையிங் தள்ளினால் கட்டிங், தையல், பேக்கிங் எல்லாம் தள்ளும். "14-ம் தேதிக்குள் ஒப்புதல் வந்தால் பழைய ஷிப்மென்ட் தேதியே நிற்கும், அதற்குமேல் ஆகும் ஒவ்வொரு நாளும் தேதியில் கூடும்" என்பது ஒரே செய்தி. அதை இரண்டாக உடைத்தால் லேப் டிப் மெயில் அவசரமில்லாததாகத் தெரியும். தேதி மெயிலோ காரணமில்லாமல் நீங்கள் தாமதிப்பது போலப் படும். ஒன்றின் விடை இன்னொன்றை மாற்றுமானால் இரண்டும் சேர்ந்தே போகட்டும்.

கேர் லேபிள் சந்தேகம் சின்னது. அதே ஸ்டைல், அதே ஆள், ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இதற்கும் தனி மெயில் போட்டால் உங்கள் மேலாளர் கேட்பது நியாயம்தான். லேப் டிப்புக்கு 1, லேபிளுக்கு 2 என்று எண் போட்டு எழுதுங்கள். பையரும் எண் போட்டே பதில் எழுதுவார். ஆனால் லேபிளின் முழு ஆர்ட்வொர்க்குக்கே ஒப்புதல் கேட்கிறீர்கள் என்றால் தனியாக அனுப்புங்கள். அந்த ஒப்புதலை நாளை லேபிள் அச்சடிப்பவருக்கு அப்படியே ஃபார்வர்ட் செய்ய வேண்டிவரும். நடுவில் நிறம், தேதி என்று பேச்சு கலந்திருந்தால் வெட்டி ஒட்டித்தான் அனுப்ப வேண்டும். வெட்டி ஒட்டியதை ஒப்புதலுக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

ஆக, உங்கள் ஒரு மெயில் இரண்டாகிறது. சப்ஜெக்ட் இப்படி இருக்கலாம்:

```
Style 4127 Navy - lab dip approval by 14 June (ship date depends)
Invoice 0218 - payment overdue
```

டையிங் யூனிட்டுக்கு இப்போது மெயிலே வேண்டாம். ஒப்புதல் வந்ததும் புது மெயில் திறந்து, ஸ்டைல் எண், தேர்வான ஆப்ஷன், துணி எடை, வேண்டிய தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பையரின் மெயிலை ஃபார்வர்ட் செய்தால் கீழே தொங்கும் பழைய பேச்செல்லாம் கூடவே போகும்.

ஏற்கெனவே கலந்துபோன த்ரெட்களில், பணப் பேச்சுக்குப் புது மெயில் தொடங்கிவிட்டு, பழையதில் "இன்வாய்ஸ் பற்றித் தனி மெயில் அனுப்பியிருக்கிறேன், இங்கே நிறம் மட்டும்" என்று ஒரு வரி போடுங்கள். ஜிமெயிலில் ரிப்ளை செய்யும்போது, பெறுநர் பெயருக்குப் பக்கத்திலுள்ள அம்புக்குறியில் Edit subject என்று இருக்கும். அதில் சப்ஜெக்ட்டை மாற்றினால் ஜிமெயில் அதைப் புது உரையாடலாகப் பிரித்துக் காட்டும். ஆனால் அடியில் பழைய மெயில்கள் அப்படியே ஒட்டியிருக்கும், அவற்றை நீங்களேதான் அழிக்க வேண்டும்.