தொங்கும் புருவம்: போடாக்ஸா, அறுவை சிகிச்சையா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு. புருவம் கனமாகத் தொங்குது. போடாக்ஸ் ஊசி போதுமா, ஆபரேஷன் வேணுமா?

அவரைக் கண்ணை மூடி நெற்றியைத் தளர்த்தச் சொல்லுங்கள். புருவத்துக்கு மேலே நெற்றியை விரலால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணைத் திறக்கட்டும். புருவம் கண்குழியின் எலும்பு விளிம்புக்குக் கீழே இறங்கி இமைமேல் உட்கார்ந்தால், அவர் நாள் முழுக்க நெற்றித் தசையால்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார். இப்படிப்பட்டவருக்கு நெற்றிச் சுருக்கம் போக ஊசி போடவே கூடாது என்பேன். ஊசி அந்தத் தசையைத் தளர்த்திவிடுவதால் தாங்கல் போய், சில நாளிலேயே புருவம் இன்னும் சரியும். மருந்தின் வேகம் குறையும்வரை, வாரக்கணக்கில், காத்திருக்க வேண்டியதுதான்.

அவருக்குப் பொருந்துவது அறுவை சிகிச்சை. முடிக்குள் சிறு கீறல்கள் போட்டு, நெற்றித் திசுவை எலும்பிலிருந்து விடுவித்து, மேலே தூக்கிப் பொருத்துவார்கள். பலன் பல ஆண்டு நிற்கும். உச்சந்தலை மட்டும் சில மாதம் மரத்திருக்கலாம்.

ஊசி தூக்குவது பெரும்பாலும் 1–2 மில்லிமீட்டர்தான். புருவத்தின் வெளிமுனையைக் கீழே இழுக்கும் கண்சுற்றுத் தசையை அது தளர்த்துகிறது. 3–4 மாதம் தாங்கும். நெற்றியைச் சுருக்காமலே கண் நன்றாகத் திறக்கும், வெளிமுனை மட்டும் லேசாக இறங்கிய நடுவயதினருக்கு அது போதும்.

ஒரு பக்கப் புருவம் மட்டும் திடீரென இறங்கினால், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முகநரம்பு வாதமாகவோ பக்கவாதமாகவோ இருக்கலாம்.