கொருக்குப்பேட்டை கால்வாய் ஓரத்தில் ஒரு ஏலச்சீட்டு

கேள்வி: குடிசைப் பகுதிகளில் இருப்பவர்கள் கையில் வங்கிக் கணக்கு இருந்தும் ஏன் தெருவில் யாரிடமோ சீட்டு கட்டுகிறார்கள்? அவர்கள் ஏமாறுவது தெரிந்தும் ஏன் திருந்துவதில்லை?

அந்த 'யாரிடமோ' என்ற சொல்தான் என்னை எழுத வைத்தது. என் அம்மா இருபது வருஷத்துக்கு மேல் சீட்டு பிடித்தவர். வடசென்னையில், கொருக்குப்பேட்டையில் பக்கிங்காம் கால்வாய் ஓரம் எங்கள் வீடு. நீங்கள் அநேகமாக வேறு பக்கத்தில் வளர்ந்தவராக இருப்பீர்கள், செய்தித்தாளில் 'சீட்டு மோசடி, பெண்கள் முற்றுகை' என்று பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். அது தப்பில்லை. ஆனால் அந்தச் செய்திகளில் பல தடவை வருவது தீபாவளிச் சீட்டு. வாரம் நூறு, இருநூறு என்று கட்டினால் வருஷக் கடைசியில் தங்கக் காசும் பட்டாசும் தருகிறேன் என்று வெளியாள் ஒருவர் கடை போட்டு, ஏஜெண்ட் வைத்து ஆயிரம் பேரிடம் வசூலிப்பது. அதில் பணம் எல்லாம் ஒருவர் கையில் வருஷம் முழுக்கத் தங்கும். ஓடுவதற்கு அதுவே போதும்.

அம்மா பிடித்தது ஏலச்சீட்டு, அதில் வசூலான பணம் ஒரு ராத்திரிகூடச் சும்மா தங்காது. எங்கள் வீட்டில் நடந்த கணக்கையே சொல்கிறேன். அம்மாவையும் சேர்த்து இருபது பேர், மாதம் ஆயிரம், இருபது மாதம். முதல் மாதம் இருபதாயிரமும் சீட்டு பிடிப்பவருக்கு. அதுதான் அவருடைய கூலி, வேறு கமிஷன் கிடையாது. இரண்டாம் மாதத்தில் இருந்து ஏலம். ஏழாம் தேதி சாயங்காலம் குழாயடிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்காருவார்கள். அவசரம் உள்ளவர்கள் தள்ளு கேட்பார்கள், அதாவது இருபதாயிரத்தில் எவ்வளவு விட்டுக்கொடுத்து எடுக்கிறேன் என்று சொல்வார்கள். "ரெண்டாயிரம்" என்று ஒருவர், "மூணு" என்று இன்னொருவர். நாலாயிரத்தில் நின்றால் அம்மா ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முடிப்பார். எடுத்தவருக்குப் பதினாறாயிரம். தள்ளின நாலாயிரம் இருபது பேருக்கும் இருநூறு இருநூறாகப் பிரியும். அதாவது அந்த மாதம் எல்லாரும் 800 கட்டினால் போதும். எண்ணி முடித்ததும் அங்கேயே கைமாறிவிடும்.

ஆரம்பத்தில் எடுப்பவருக்கு அது கடன், கடைசியில் எடுப்பவருக்கு அது சேமிப்பு. நாலாம் மாதம் 4,500 தள்ளி 15,500 வாங்கிப் போனவர், இருபது மாதமும் சேர்த்துச் சுமார் 18,000 கட்டியிருப்பார். அதை எங்கள் பக்கத்துத் தண்டலோடு வைத்துப் பாருங்கள். பத்தாயிரம் என்று பேசி, கையில் 8,500 கொடுத்து, தினம் நூறாக நூறு நாளில் பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருநாள் தவறினால் வாசலில் வண்டி நிற்கும். சீட்டில் போகிற கூடுதல் பணம் பக்கத்து வீட்டுக்குத்தான் போகிறது.

வங்கி இருக்கிறதே என்பீர்கள். கணக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் கால்வாய் ஓரம் என்பது நீர்நிலைப் புறம்போக்கு, அதற்குப் பட்டா கிடையாது. ஈடு வைக்க எதுவும் இல்லை, சம்பளச் சீட்டும் இல்லை. மீன் ஐஸ் உடைப்பவருக்கும் சௌகார்பேட்டையில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் யார் சம்பளச் சீட்டு தருவார்கள்? எனக்கு அது இருந்தும், பைக் வாங்கப் போனபோது கடன் கொடுக்கிற கம்பெனிக்காரர் பின்கோடைப் பார்த்துவிட்டு "சார், உங்க ஏரியா நெகட்டிவ்" என்றார். ஏரியாவில் என்ன சார் நெகட்டிவ்? இப்போது என் மகள் படிக்கிற பள்ளியின் வேனும் மெயின்ரோட்டோடு நின்றுவிடுகிறது, உள்ளே வராது. கட்டணம் மட்டும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆறு வயசுப் பிள்ளை பை தூக்கிக்கொண்டு லாரிகளுக்கு நடுவில் நடக்கிறது. மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டேன். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு ஆறவில்லை.

பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது 1982-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்று கீழே யாராவது வந்து எழுதுவீர்கள். தெரியும். யாரையும் போய் நடத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. இருபது பேர் சேர்ந்து நடத்துகிற ஒன்று எதை நம்பி நடக்கிறது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

நம்பிக்கை என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அம்மாவுக்கு அது நம்பிக்கை இல்லை, கவனிப்பு. வாடகைக்கு வந்து ஒரு வருஷம் ஆகாதவரைச் சேர்க்க மாட்டார். புதிதாகச் சேர்ந்தவருக்குப் பத்தாம் மாதத்துக்கு முன் சீட்டு கிடையாது. ஆரம்ப மாதங்களில் யாராவது ஆறாயிரம், ஏழாயிரம் என்று ஆழமாகத் தள்ளினால் ஏலத்தையே நிறுத்திவிடுவார். அவ்வளவு நஷ்டத்துக்கு எடுப்பவர் திருப்பிக் கட்டுகிற எண்ணத்தில் எடுக்கவில்லை என்பது அவர் கணக்கு. அதோடு காலையில் குழாயடியில் ஒருவரைப் பார்த்தாலே போதும். ரெண்டு நாளாக ஆள் தண்ணீர் பிடிக்க வரவில்லை, பையனை அனுப்புகிறார் என்றால், அன்றைக்கே வீட்டுக்குப் போய் "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். பணத்தைப் பற்றிப் பேசவே மாட்டார்.

(ராத்திரி ஒருவர் இறந்துவிட்டால் சீட்டு உதவாது, அது வேறு. பையன்கள் ஒரு நோட்டோடு வீட்டுக்கு வீடு போவார்கள். நூறோ இருநூறோ, பெயர் போட்டு எழுதுவார்கள். விடிவதற்குள் ஐஸ் பெட்டி, பந்தல், மேளம் எல்லாவற்றுக்கும் முன்பணம் போய்விடும். எழுதுவது எதற்கு என்றால், நாளைக்கு நம் வீட்டில் விழுந்தால் அவர்கள் திரும்பச் செய்ய.)

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஏழெட்டு வருஷம் இருக்கும். ஒரு சீட்டு ஒன்பது மாதம் ஓடியிருந்தது. ஒன்பது பேர் எடுத்தாகிவிட்டது, பதினொரு பேர் எடுக்கவில்லை, ஆளுக்கு ஏறக்குறைய 7,400 கட்டியிருந்தார்கள். அப்போதுதான் தெருவின் கால்வாய்ப் பக்க வரிசையைக் காலி செய்தார்கள். சீட்டில் இருந்தவர்களில் பதிமூன்று பேர் பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல். வீடு குலுக்கலில் விழுந்தது. பக்கத்துப் பக்கத்து வாசலில் முப்பது வருஷம் இருந்தவர்கள் வேறு வேறு பிளாக், வேறு வேறு மாடி. எங்கள் வீடு அடுத்த வரிசை என்பதால் தப்பியது.

அந்த வாரம் அம்மா தூங்கவில்லை. நீள நோட்டில் எடுத்தவர்கள் பெயரைச் சிவப்பு மையில் சுழித்திருப்பார். சுழித்த பெயர்களில் ஐந்து பேர் போய்விட்டார்கள், ஆளுக்கு இன்னும் பதினொரு மாதம் பாக்கி. குழாயடியில் இனிமேல் அவர்களைப் பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் பஸ் மாறி மாறிப் பெரும்பாக்கம் போனோம். மாடிப்படியில் உட்கார்ந்து அம்மா ரெண்டு விஷயம் சொன்னார். இனிமேல் ஏலம் இல்லை. எல்லாரும் கஷ்டத்தில் இருக்கும்போது ஏலம் விட்டால் போட்டி போட்டுத் தள்ளி அழிவார்கள். அதனால் தள்ளு மாதம் ஆயிரம் என்று ஒரே கணக்கு, எல்லாரும் 950 கட்டுவது, எடுப்பவருக்கு 19,000. முன்னால் நாலாயிரம் தள்ளி எடுத்த ஒருவர் "எங்க பங்கு குறையுதே" என்று சத்தம் போட்டார். ஐம்பது ரூபாயாவது வருகிறதே என்று மற்றவர்கள் சமாதானம் செய்தார்கள். ரெண்டாவது, அங்கே இருந்து சீட்டு எடுக்கிறவருக்கு இன்னும் எடுக்காத ஒருவர் பொறுப்பு ஏற்க வேண்டும். எடுத்தவர் கட்டாவிட்டால் பொறுப்பானவருக்கு வர வேண்டியதில் கழியும். அதற்கு அப்புறம் எடுத்தவர்களில் ஒருவர்கூடத் தவறவில்லை.

தவறியது முன்பே எடுத்த ஐந்து பேரில் ரெண்டு பேர். ஒருவர் பன்னிரண்டாம் மாதத்தில் நின்றார். வண்ணாரப்பேட்டையில் பூ கட்டி விற்ற அக்கா. விடியற்காலை பூ எடுக்க அங்கிருந்து பஸ் இல்லை, வியாபாரமே போய்விட்டது. இன்னொருவர் பதினான்காம் மாதத்தில் நின்று, போனையும் மாற்றிவிட்டார். 8,550-ம் 6,650-ம் சேர்த்து 15,200. சீட்டு பிடித்தவர்தான் கட்ட வேண்டும், அதுதான் முறை. அம்மா கம்மலை அடகு வைத்து ஏழாம் தேதி தவறாமல் கட்டினார். இருபதாம் மாதம் கடைசி ஆள் கையில் 19,000 கொடுத்துவிட்டு நோட்டை மூடினார். அதற்குப் பிறகு சீட்டு பிடிக்கவில்லை.

ஏமாந்தது யார் என்று நீங்கள் கேட்டால், அந்தக் கம்மலைத்தான் காட்டுவேன். ஆனால் பூக்கார அக்காவை அம்மா ஒரு நாளும் திட்டியதில்லை. "ஓடல, விழுந்துட்டா" என்பார். போன் மாற்றியவரைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார்.

அக்கா ரெண்டு வருஷம் கழித்து வந்தார். ஐந்நூறு, ஆயிரம் என்று துண்டு துண்டாக 3,550 கொடுத்தார். இப்போது பெரும்பாக்கத்தில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. தன் பிளாக்கில் அவரே ஒரு சீட்டு ஆரம்பித்திருக்கிறார். பத்தே பேர், மாதம் ஐந்நூறு, ஏலம் இல்லை, குலுக்கல். ஏன் இவ்வளவு சின்னது என்று கேட்டேன். "அந்தப் படிக்கட்டுல ஏறி எறங்குறவங்களைத்தான் தம்பி எனக்குத் தெரியும்" என்றார். அதில் அம்மா பெயரும் இருக்கிறது. அம்மாவுக்கான ஐந்நூறை மாதாமாதம் அக்காவே போடுகிறார், பத்து மாதத்தில் மீதி ஐயாயிரம் தீர்ந்துவிடும். போன மாதம் வரை ஆறு கட்டியாகிவிட்டது, அம்மா பெயர் இன்னும் குலுக்கலில் விழவில்லை.