வயலில் தெரியாத நோ, வீட்டில் தெரிவது ஏன்?

"இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வரம்பை உடைத்தபோது மண்வெட்டி என் கால்விரலில் பட்டது. மறித்து முடிக்கும்வரை நோ தெரியவில்லை. பிறகு தாங்க முடியவில்லை, தடவினால் குறைந்தது. ஏன்?"

விரலிலிருந்து நோச் செய்தியை இரு வகை நரம்பு நார்கள் கொண்டுசெல்கின்றன. விரைவானவை கூரிய முதல் நோவைத் தருகின்றன. மற்றவை செக்கனுக்கு 2 மீற்றருக்கு மேற்படாத வேகத்தில் செல்வதால், எரிவு சற்றுப் பிந்தியே வருகிறது. இரண்டும் முதுகெலும்பினுள் ஓடும் முண்ணாணின் பின்புறப் பகுதியான பின்கொம்பில் அடுத்த நரம்புக் கலத்திடம் செய்தியைக் கையளிக்கின்றன.

அந்தக் கைமாற்றத்தையே 1965 இல் நோ ஆய்வாளர்களான மெல்சாக்கும் வோலும் ஒரு கதவாகக் கண்டனர். தடவும்போது, தொடுகையைக் கொண்டுவரும் தடித்த நார்கள் அங்குள்ள தடுப்புக் கலங்களைத் தூண்டுவதால் கதவு பாதி சாத்தப்படுகிறது. அவர்கள் வரைந்த இணைப்புகளிற் சில பின்னர் திருத்தப்பட்டன, மூலக்கருத்து நிலைத்தது.

வரம்பில் நின்றபோது நடந்தது வேறு. அங்கே மூளையே மேலிருந்து கதவைச் சாத்தியது. தண்ணீரை மறிக்கும் அவசரத்தில், நடுமூளையின் நீர்க்கால்வாயைச் சூழ்ந்த சாம்பற் பகுதி மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியை இயக்க, அங்கிருந்து இறங்கும் நார்கள் பின்கொம்பில் செரொட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளை வெளிவிடுகின்றன. மூளைத்தண்டின் வேறொரு நரம்புக் கலத் தொகுதியிலிருந்து நோரட்ரினலின் என்ற இன்னொரு செய்திப் பொருள் வருகிறது. உடல் தானே சுரக்கும், மோர்பீன் போன்ற என்கெபலினும் சேர, செய்தி கைமாறாமலே தணிகிறது. 1969 இல் எலிகளின் நடுமூளையில் அதே சாம்பற் பகுதியை மின்னால் தூண்டியபோது, மயக்க மருந்தின்றியே வயிற்றில் அறுவை செய்ய முடிந்தது.

வேலை முடிந்ததும் அத்தடுப்புத் தளர்ந்தது, காயம் மாறவில்லை. ஆகவே நோவின்மையை வைத்துக் காயத்தை அளக்க வேண்டாம். சேறு பட்ட வெட்டென்றால் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி அன்றே வைத்தியரிடம் கேளுங்கள். இதே இறங்குபாதை, பயத்திலும் நித்திரையின்மையிலும் கதவை அகலத் திறந்தும் விடக்கூடும்.