ஸ்டாண்டப் பதிவில் ஒளிந்திருக்கும் தடைகள்: கேள்வி பதில்

ஒன்பது ஆண்டுகளாகத் திட்ட ஒருங்கிணைப்பு வேலையில் இருக்கிறேன். குழு தினமும் கூடி வேலை நிலையைச் சொல்லும் ஸ்டாண்டப் கூட்டத்தின் எழுத்துப்பதிவிலிருந்து மேலாளருக்குத் தடைகளின் பட்டியல் எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. பதிவில் ‘தடை’, ‘பிளாக்கர்’ என்று தேடித்தான் பட்டியல் எடுக்கிறேன். வாரத்துக்கு ஒன்றிரண்டுதான் கிடைக்கிறது. எங்கள் குழுவில் தடை குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பி. தன் வேலை நின்றுபோயிருக்கிறது என்று எல்லார் முன்னிலையிலும் சொல்ல யாருக்கும் மனம் வராது. ‘கிட்டத்தட்ட முடிந்துவிட்டது, அனுமதி வந்ததும் ஏற்றிவிடுகிறேன்’ என்பார்கள். அதில் ‘முடிந்துவிட்டது’ என்பதை நாம் கேட்டுக்கொள்கிறோம், ‘வந்ததும்’ என்பதை விட்டுவிடுகிறோம்.

நான் பெயர்ச்சொல்லைத் தேடுவதில்லை, வினையின் வாலைப் பார்க்கிறேன். வந்ததும், கொடுத்தால், முடிந்த பிறகு, பார்த்துச் சொன்னவுடன்: இப்படி ஒரு வினை வந்தால் அந்த வேலை இன்னொருவர் கையில் இருக்கிறது என்று பொருள். ‘வந்தால்’ என்பவருக்கு அது வருமா என்ற ஐயம் இருக்கிறது. ‘வந்ததும்’ என்பவர் அது வந்தே தீரும் என்று நம்பியிருக்கிறார். எனக்கு இரண்டாமவரைப் பற்றித்தான் கவலை அதிகம், ஏனென்றால் அவர் யாரையும் போய் நினைவூட்ட மாட்டார்.

இன்னொன்று, நம் மொழியில் எழுவாயும் செயப்படுபொருளும் இல்லாமலே வாக்கியம் நிறைவாக ஒலிக்கும். ‘கேட்டிருக்கிறேன்’, ‘சொல்லியிருக்கிறோம்’ என்று வந்தால் யாரிடம், எப்போது என்று பதிவில் இருக்காது. ஊகித்து ஒரு பெயரை எழுதிவிடாதீர்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, பேசியவரிடமே போய்க் கேளுங்கள்.

கேள்வி: நான் நிரலாளர். கீழே உள்ள கட்டளையை ஓட்டுகிறேன். நாளுக்கு இருபது வரி கிடைக்கிறது. அப்படியே ஒட்டி அனுப்புகிறேன். மேலாளர் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

```
grep -n -B2 -E "வந்ததும்|வந்தால்|காத்திரு|கேட்டிருக்" daily.vtt
```

பாதி வேலையைச் சரியாகவே செய்கிறீர்கள். `-B2` இருப்பதால் நேரக்குறியும் கூடவே வந்துவிடுகிறது, அது நல்ல பழக்கம். ஆனால் இந்த இருபது வரிகள் வெறும் அறுவடைதான், தூற்றிய பிறகே பட்டியலாகும். நான் கையாண்ட ஒரு புதன்கிழமைப் பதிவைச் சொல்கிறேன். அதில் வரும் சாவி, பணப் பரிவர்த்தனைச் சேவை நிறுவனம் சோதனைக்காகத் தரும் ரகசியக் குறியீடு.

மூன்றாவது நிமிடத்தில் முகப்புப் பக்கம் செய்பவர்: ‘பணம் செலுத்தும் பக்கம் முடிந்த மாதிரிதான், சோதனைச் சாவி வந்ததும் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன்.’ ஐந்தாவது நிமிடத்தில் சர்வர் பக்கம் பார்ப்பவர்: ‘சாவிக்குத் திங்கட்கிழமையே மின்னஞ்சல் போட்டுவிட்டேன்.’ எட்டாவது நிமிடத்தில் சோதனையாளர்: ‘பக்கம் கைக்கு வந்தால் இரண்டு நாளில் முடிப்பேன், வெள்ளிக்கிழமை வெளியீட்டுக்குச் சிக்கல் இல்லை.’

மூவரும் நிம்மதியாகத்தான் பேசினார்கள். ஆனால் மூன்றையும் பின்னாலிருந்து கோத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை வெளியீடு என்றால் சோதனை வியாழன் காலையில் தொடங்க வேண்டும். அப்படியானால் பக்கம் புதன் இரவுக்குள் தயாராக வேண்டும், சாவியோ அன்று மதியத்துக்குள் வந்தாக வேண்டும். அந்தச் சாவி மூன்றாம் நாளாகப் பதிலே இல்லாத ஒரு மின்னஞ்சலில் கிடந்தது. இதை மூன்று வரிசையாக எழுதினால் மூன்று சிறு தாமதங்களாகத் தெரியும். நான் ஒரே வரிசையாக எழுதினேன்:

‘பணப் பரிவர்த்தனைச் சேவை நிறுவனத்திடமிருந்து சோதனைச் சாவி வரவில்லை. திங்கள் முதல் காத்திருப்பு. இன்று மதியத்துக்குள் வராவிட்டால் வெள்ளி வெளியீடு தள்ளிப்போகும். வேண்டியது: அந்நிறுவனத்தில் நம் கணக்கைப் பார்ப்பவரை நீங்கள் தொலைபேசியில் அழைப்பது. பதிவில் 02:10, 04:35, 07:50.’

இதில் சாவிதான் தடை, ஏனென்றால் ஒரு வேலை அந்த நேரத்திலேயே நின்றிருந்தது. சோதனையாளர் பக்கத்துக்காகக் காத்திருப்பது சார்பு. அவர் கையில் அன்றைக்கு வேறு வேலை இருந்தது, மறுநாள் காலையில்தான் கை காலியாகும். மேலாளர் தடைக்கு இன்றே எழுந்து போக வேண்டும், சார்புக்கு ஒரு தேதியை நினைவில் வைத்தால் போதும். ‘வேண்டியது’ என்ற இடத்தில் எழுத எதுவும் இல்லையென்றால் அந்த வரிசை பெரும்பாலும் மேலாளருக்கானது அல்ல, குழுவே பார்த்துக்கொள்ளும். உங்கள் இருபது வரி இப்படித்தான் மூன்று நான்காகக் குறையும்.

முதன்முதலாகச் சொல்லப்பட்ட நாளையும் மாற்றாமல் வையுங்கள். தினமும் புதுப் பட்டியல் போட்டால் ஐந்து நாள் பழைய தடைகூட இன்று பிறந்ததுபோல் தெரியும்.

கேள்வி: எங்கள் ஸ்டாண்டப் நாற்பது நிமிடம் ஓடுகிறது. எப்படிக் குறைப்பது?

அது தனி வேலை. ஸ்க்ரம் வழிகாட்டி 15 நிமிடம் என்றுதான் வரம்பு வைக்கிறது. பட்டியலைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒன்று சொல்வேன்: நீண்ட கூட்டத்தில் ஐந்தாவது நிமிடத்தில் சொன்ன தடை முப்பதாவது நிமிடத்தில் அங்கேயே தீர்ந்திருக்கும். கடைசி வரை படிக்காமல் எழுத வேண்டாம்.

கேள்வி: ஒருமுறை ‘தரவு நாளைக்கு வரலாம்’ என்று பதிவில் இருந்தது. அதனால் பட்டியலில் சேர்க்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவர் சொன்னது ‘வரவில்லை’. இதை எப்படித் தவிர்ப்பது?

எனக்கும் இதே சொல்லில்தான் நேர்ந்தது. பேச்சில் ‘வரல’ என்று சொன்னதைத் தானியங்கிப் பதிவு ‘வரலாம்’ என்று எழுதிவிடும். ‘முடியல’ என்பது ‘முடியலாம்’ ஆகும். ஓர் எழுத்துக் கூடியதும் பொருள் தலைகீழாகிவிடுகிறது. அதனால் -லாம் என்று முடியும் வினை எங்கே வந்தாலும் நேரக்குறியை வைத்து ஒலியைத் திறந்து கேட்கிறேன். பத்து விநாடிதான் ஆகும். இருவர் ஒரே மைக்கில் பேசும் அறையாக இருந்தால் பேசியவர் பெயரும் மாறிவிடும், அதையும் அப்போதே பார்த்துவிடுவேன்.

கேள்வி: நான் தரவுத்தளம் பார்ப்பவன். ‘இவரிடம் மூன்று நாளாக நிலுவை’ என்று என் பெயரைப் போட்டு மேலாளருக்குப் பட்டியல் போனது. என்னிடம் கோரிக்கையே வரவில்லை. பெயர் போடுவதையே நிறுத்தச் சொல்லுங்கள்.

உங்களுக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் பெயரை எடுத்துவிட்டால் மேலாளர் யாரிடம் போவார்? காத்திருப்பவர் சொன்னது ஒரு பக்கத்துப் பேச்சு மட்டுமே. அதனால் பெயர் வரும் ஒவ்வொருவருக்கும், ‘இப்படி ஒரு வரிசை போகிறது, கோரிக்கை உங்களிடம் வந்ததா?’ என்று ஒரு வரி அனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் நான் அனுப்புவேன். உங்கள் விஷயத்தில் அப்படிக் கேட்டிருந்தால், கோரிக்கை கிளம்பவே இல்லை என்பதே அன்றைய தடையாகப் பட்டியலில் ஏறியிருக்கும். விடுப்பு, உடல்நிலை போன்ற காரணங்களைக் கூட்டத்தில் சொல்லியிருந்தாலும் நான் எழுதுவதில்லை, ‘வியாழன் வரை இருக்க மாட்டார்’ என்பதோடு நிறுத்திவிடுவேன்.

கேள்வி: நான் மேலாளர். இப்படி ஒவ்வொருவரிடமும் கேட்டுவிட்டு அனுப்பினால் பட்டியல் எனக்கு மதியம்தான் வரும். அதற்குள் எல்லாரும் தங்கள் வரிசையை மென்மையாக்கிவிடுவார்கள். எனக்குக் கூட்டம் முடிந்த அரை மணி நேரத்தில், பூசாத பட்டியல்தான் வேண்டும்.

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சார். மென்மையாக்கச் சொல்லி என்னையே கேட்டிருக்கிறார்கள். அதனால் இப்போது நான் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் அரை மணிக்குள் பட்டியலை அனுப்பிவிடுகிறேன், பதில் வராத வரிசைகளில் ‘உறுதி செய்யவில்லை’ என்று எழுதுகிறேன். அந்தக் குறிப்பைப் படிக்காமலே ஒரு மேலாளர் நேரே போய்ச் சத்தம் போட்ட நாளும் உண்டு. அதன் பிறகு அந்தக் குழுவில் இரண்டு வாரம் யாரும் ‘வந்ததும்’ என்றுகூடச் சொல்லவில்லை, எல்லாம் ‘முடிந்துவிட்டது’தான். இதற்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. வேறு வழி கண்டவர்கள் எழுதுங்கள்.