பிரிட்ஜ் திரையை நம்பலாமா? கப்பல் படிப்பு பற்றிக் கேட்ட ஓர் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கேள்வியில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. "இப்போதெல்லாம் கப்பலை கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத்தான் ஓட்டுகிறார்களாம், அப்படியானால் ஆபீசருக்கு என்ன வேலை மிச்சம்?" என்பது ஒன்று. "என் மகன் கம்ப்யூட்டரில் கெட்டி, அது போதுமா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மகனையும் படிக்கச் சொல்லுங்கள்.

கப்பலை ஓட்டும் அறைக்குப் பெயர் பிரிட்ஜ். அங்கே உள்ள அந்தத் திரைக்குப் பெயர் எக்டிஸ். கடல் வரைபடத்தை மின்னணு வடிவில் காட்டி, அதன் மேல் கப்பல் இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டும் கருவி. சர்வதேசப் பயணம் போகும் பெரிய கப்பல்களில் 2012 முதல் 2018 வரை படிப்படியாக இதைக் கட்டாயமாக்கினார்கள். முறையான மாற்று ஏற்பாட்டோடு எக்டிஸ் இருந்தால் காகிதக் கடல் வரைபடம், அதாவது சார்ட், வைத்திருக்கத் தேவையில்லை. அந்த மாற்று ஏற்பாடு பெரும்பாலும் தனியாக இயங்கும் இரண்டாவது எக்டிஸ்தான்.

இதனால் கிடைத்த நன்மை பெரியது. காகிதக் காலத்தில் செகண்ட் ஆபீசர் வாராவாரம் வரும் திருத்தங்களைப் பேனாவால் ஒவ்வொரு சார்ட்டிலும் குறிக்க வேண்டும். ஒரு மிதவையை இடம் மாற்றியதைக் குறிக்க மறந்தால் அது சார்ட்டில் பழைய இடத்திலேயே இருக்கும். இப்போது அந்தத் திருத்தங்கள் கோப்பாக வந்து ஏறிவிடுகின்றன. அன்று கப்பல் கால் மணிக்கோ அரை மணிக்கோ ஒரு முறை எங்கே இருந்தது என்று பென்சிலால் புள்ளி வைப்பார்கள். இன்று எப்போதும் கண் முன்னே தெரிகிறது. புள்ளி வைக்கும் நேரம் மிச்சமாவதால், ஆபீசர் ஜன்னல் வழியே கடலைப் பார்க்க முடியும். கருவியின் உண்மையான பலன் அதுதான்.

ஆனால் பல பிரிட்ஜ்களில் நடப்பது வேறு. ஒரு விபத்தை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், பையனுக்கு அதுவே நல்ல பாடம்.

2013 செப்டம்பர் 18 அதிகாலை. மால்டா கொடி தாங்கிய ஓவிட் என்ற டேங்கர், தாவர எண்ணெய் ஏற்றிக்கொண்டு ரோட்டர்டாமிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசிக்குப் போய்க்கொண்டிருந்தது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே டோவர் நீரிணையில் வார்ன் என்றொரு மணல்திட்டு இருக்கிறது. எல்லா வரைபடத்திலும் உள்ள, சுற்றிலும் விளக்கு மிதவைகள் போட்ட, பெயர் பெற்ற திட்டு. 4 மணி 34 நிமிடத்துக்கு ஓவிட் அதன் மேல் ஏறித் தரை தட்டியது. நல்ல வேளையாக யாருக்கும் காயமில்லை, எண்ணெயும் கசியவில்லை. கடல் மட்டம் ஏறியபோது கப்பல் விடுபட்டது. ஆனால் கப்பல் தரை தட்டிவிட்டது என்பதே பணியில் இருந்த ஆபீசருக்கு 19 நிமிடம் கழித்துத்தான் புரிந்தது.

கருவி கெட்டுப்போனதா? இல்லை. பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைக் கிளை ஆராய்ந்தபோது தெரிந்தது இதுதான். பயணப் பாதையைத் திரையில் வரைந்தவர் அனுபவம் குறைந்த இளநிலை ஆபீசர், அவரை மேற்பார்வை செய்ய ஆளில்லை. அவர் வரைந்த கோடு நேராக வார்ன் திட்டின் மேலேயே போனது. கிளம்பும் முன் கேப்டன் அதைச் சரிபார்க்கவில்லை. வாட்ச் என்னும் காவல் முறைப் பணியை எடுத்த ஆபீசரும் பார்க்கவில்லை. கோட்டின் மேல் கப்பல் ஒழுங்காகப் போனதால் "எல்லாம் சரி" என்றே இருந்திருக்கிறார்கள். திட்டைக் காட்டும் மிதவைகளின் விளக்குகள் கண்ணில் பட்டும் ஆபத்து உறைக்கவில்லை.

"எக்டிஸ் எச்சரித்திருக்குமே?" என்று மகன் கேட்பான். கேட்க வேண்டிய கேள்விதான். எச்சரிக்கும், ஆனால் எந்த ஆழத்துக்குக் குறைந்தால் ஆபத்து என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். இதைப் பாதுகாப்பு ஆழக்கோடு என்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கப்பல் தண்ணீருக்குள் 8 மீட்டர் இறங்கியிருக்கிறது. ஆழம் குறைந்த கடலில் வேகமாக ஓடும்போது இன்னும் 1 மீட்டர் அமிழும் என்று வையுங்கள். அடியில் 2 மீட்டர் இடைவெளி வேண்டும். ஆக 11 மீட்டர். வரைபடத்தில் 10, 20, 30 என்றுதான் கோடுகள் இருக்கின்றன என்றால், 11 கொடுத்ததும் கருவி அடுத்த ஆழமான 20ஐ எடுத்துக்கொள்ளும். அந்தக் கோட்டை விட ஆழம் குறைந்த பக்கம் ஒரு நிறம், ஆழமான பக்கம் ஒரு நிறம்.

நாம் எதுவும் கொடுக்காவிட்டால் கருவி தானாக 30 மீட்டரை வைத்துக்கொள்ளும். ஓவிட்டில் இருந்தது அந்த 30தான். அதிக ஆழம் வைத்தால் அதிகப் பாதுகாப்பு என்று தோன்றும், அப்படியல்ல. அந்தக் கப்பல் தாராளமாகப் போகக்கூடிய தண்ணீரும் உண்மையான திட்டும் சேர்ந்து ஆபத்துப் பகுதி ஆகிவிடுகின்றன. எது உயிர்போகும் இடம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. எப்போதும் எச்சரிக்கையிலேயே இருக்கும் திரையை யாரும் மதிக்க மாட்டார்கள். இதற்கு மேல் ஓவிட்டின் எக்டிஸில் ஒலி எச்சரிக்கையே வேலை செய்யவில்லை.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் என்னவென்றால், அந்த ஆபீசர்களுக்கு அந்தக் கருவியில் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது. சான்றிதழ் கையில் இருந்தது. பயன்படுத்தத் தெரியவில்லை.

திரையில் தெரியும் கப்பலின் இடமும் பெரும்பாலும் ஜிபிஎஸ் சொல்வதுதான். எக்டிஸ் கட்டாயமாவதற்கு வெகு முன்பே, 1995 ஜூனில், பெர்முடாவிலிருந்து பாஸ்டன் போன ராயல் மெஜஸ்டி பயணிகள் கப்பலில் ஜிபிஎஸ் ஆன்டெனா கம்பி கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை. வேகத்தையும் திசையையும் வைத்து இடத்தைக் கணித்துக் காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு நாளுக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. நான்டக்கெட் தீவருகே தரை தட்டியபோது கப்பல் தன் பாதையிலிருந்து 17 மைல் விலகியிருந்தது. கரை தெரியும் இடத்தில் ராடார் தூரத்தையோ கலங்கரை விளக்கத்தின் திசையையோ எடுத்து ஒப்பிட்டால், இப்படிப்பட்ட பிழை சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும்.

அதனால் "கம்ப்யூட்டரில் கெட்டி" என்பதை மட்டும் வைத்து இந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள். பொத்தான் அழுத்தக் கற்பது சுலபம். திரை சொல்வதை வேறொரு வழியில் சரிபார்க்கும் பழக்கம் அவனுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கு போட்டால் விடையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிற பையனா? பெரியவர் ஒருவர் வரைந்த பாதையில் தப்பு தெரிந்தால், "சார், இங்கே ஆழம் குறைவாக இருக்கிறதே" என்று வாய்திறந்து சொல்லக்கூடியவனா? பிரிட்ஜில் இந்தக் கூச்சம் ஆபத்தானது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதும் கேளுங்கள். எக்டிஸுக்கென்று வகுப்பும் சிமுலேட்டரும் உண்டா, மாணவன் முழுப் பயணத்தையும் தானே திட்டமிட்டுப் பார்க்க விடுவார்களா? ஸ்பான்சர் செய்யும் கம்பெனியிடம், தங்கள் கப்பலில் இருக்கும் தயாரிப்பிலேயே பயிற்சி கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஒவ்வொரு தயாரிப்பிலும் மெனு வேறு வேறு இடத்தில் இருக்கும். பயிற்சி மாணவனாக, அதாவது கேடட்டாக, கப்பல் ஏறியதும், வாட்ச் மாற்றும் நேரத்தில் ஆழக்கோடு எவ்வளவு, ஒலி வருகிறதா, பாதையைப் பெரிய அளவு வரைபடத்தில் முழுக்கப் பார்த்தாயிற்றா என்று பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. நுழைவுத் தேர்வுக் கட்டணம் கட்டும் முன், கப்பல் துறை இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் கண் பரிசோதனை செய்துவிடுங்கள். கப்பலை ஓட்டும் டெக் பிரிவுக்குக் கூர்மையான பார்வை வேண்டும், நிறக்குருடு இருக்கக் கூடாது. எத்தனை திரை வந்தும் கண்ணின் தேவை குறையவில்லை. இரவில் எதிரே வரும் கப்பலின் சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டியது அந்த ஆபீசரின் கண்தான்.