‘12 மணி நேரம் நிற்கும்’ என்று போடலாமா?

“திருப்பூரில் சென்ட் கடை வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் விவரம் போட வேண்டும். சப்ளையர் ‘மல்லிகை, சந்தனம், 20 சதவீதம், 12 மணி நேரம் நிற்கும்’ என்று எழுதச் சொல்கிறார். அப்படியே போடலாமா?”

மணி நேரத்தை அவர் சொன்னபடி போடாதீங்க. அவர் காகிதப் பட்டையிலோ சட்டையிலோ அடித்துப் பார்த்திருப்பார். துணியில் அடித்தது மறுநாள் துவைக்கும்வரை மணக்கும்; தோலில், அதுவும் சித்திரை வெயிலில், அந்தக் கணக்கு செல்லாது. நீங்களே பாருங்கள். குளித்துவிட்டு வந்த மூன்று பேருக்கு முன்கையில் இரண்டு முறை சென்ட் அடியுங்கள். மணிக்கொரு முறை வேறொருவர் மோந்து சொல்ல வேண்டும். பூசியவர் மூக்கு அரை மணியிலேயே பழகிவிடும். ஒருவருக்கு 4, ஒருவருக்கு 5, ஒருவருக்கு 6 மணி நேரம் வந்தால் “தோலில் 4 முதல் 6 மணி நேரம்” என்று எழுதுங்கள்.

அடுத்து அந்த 20 சதவீதம். இங்கேதான் ஏமாறுவார்கள். சப்ளையர் சொல்வது, பாட்டிலில் அவர் ஊற்றிய காம்பவுண்ட், அதாவது மணக் கலவை, எவ்வளவு என்பதை. 50 மில்லி பாட்டிலில் 10 மில்லி ஊற்றினால் 20 சதவீதம், சரி. ஆனால் அந்தக் காம்பவுண்டையே விலையைக் குறைக்க மணமில்லாத கரைப்பானில் பாதிக்குப் பாதி கலந்து விற்கும் ஏஜென்ட்கள் உண்டு. அப்போது உள்ளே இருக்கும் மணப்பொருள் 5 மில்லிதான், அதாவது 10 சதவீதம். சென்ட் வகைகளில் வழக்கமாக லேசான ஓ டி டாய்லெட் 5 முதல் 15, அடர்த்தியான ஓ டி பர்ஃபம் 15 முதல் 20 சதவீதம் என்பார்கள். உங்கள் சரக்கு ஒரு படி இறங்கிவிட்டது. காம்பவுண்ட் கலப்பில்லாததா என்று எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் சதவீதமே போட வேண்டாம். பாக்கெட் விதி மில்லி, எம்.ஆர்.பி., முகவரி, மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது; இந்தச் சதவீதத்தை மட்டும் யாரும் கேட்பதில்லை!

அத்தர் மட்டும் தனி. அதில் ஆல்கஹால் இல்லை, அதனால் இந்தப் பெயர்களும் சதவீதமும் அதற்குப் பொருந்தாது. உத்தரப் பிரதேசத்தின் அத்தர் ஊரான கன்னோஜின் பழைய முறையில் பூவைக் காய்ச்சி வரும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள். மலிவுச் சரக்கில் அந்த எண்ணெய்க்குப் பதில் லிக்விட் பாரஃபின் இருக்கும். ஆகவே அத்தருக்கு எதில் இறக்கியது என்பதை எழுதுங்கள். தோலா என்று வாங்கினாலும், ஒரு தோலா ஏறக்குறைய 11.66 கிராம் எடை, மில்லி அல்ல; விற்கும்போது உள்ளே இருக்கும் மில்லியைப் போடுங்கள்.

மல்லிகை என்றால் மல்லிகை போன்ற மணம், அவ்வளவே. சத்தியமங்கலம் மார்க்கெட் பூவில் எடுத்தது என்று வாங்குபவர் நினைக்கும்படி எழுதாதீர்கள்.

இப்படிப் போடலாம்: “முதலில் எலுமிச்சை, அரை மணியில் மல்லிகை மணம், கடைசியில் சந்தனச் சாயல். 50 மில்லி. தோலில் 4 முதல் 6 மணி நேரம், துணியில் கூடுதல்.” சப்ளையரோ பேட்ச்சோ மாறினால் அந்த மூன்று கைகளையும் மறுபடி கூப்பிடுங்கள்.